கடைசிப் பிள்ளையும் கிளம்பிய வீட்டுக்கு

தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

பெரியவன் வேலைக்கென்று ஓசூர் போனபோது சின்னவள் வீட்டில் இருந்தாள். இப்போது அவளும் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட்டாள். நேற்று போனில் உங்கள் இரண்டு பேர் குரலும் இறங்கிப்போயிருந்தது. எனக்கு ஆறுதல் வாயில் வராது, எழுதினால் கொஞ்சம் வரும். நானும் உங்கள் அண்ணியும் இந்த நாட்களைத் தாண்டி வந்தவர்கள்தான். அவள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பிடித்த வரியைக் கிழித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

*

வீடு காலியாகிவிடவில்லை. பிள்ளைகளை வளர்த்து முடித்த வீட்டில் இந்த அமைதி வரத்தான் செய்யும்.

*

அவள் அறைக் கதவைச் சாத்தி வைக்காதீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், காற்று வந்து போகட்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் யூனிஃபார்ம் துப்பட்டா, மேசை விளிம்பில் காம்பஸ் முனையால் கீறிய பெயர், கட்டிலுக்கடியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, எதையும் இந்த மாதமே ஒழித்து வைக்க வேண்டும் என்றில்லை. தூசு மட்டும் தட்டுங்கள். அந்த அறையைப் பூஜை அறை ஆக்க வேண்டாம், பழைய சாமான் போடும் இடமாகவும் ஆக்க வேண்டாம். அவள் லீவில் வந்தால் வழக்கம்போலப் படுத்துத் தூங்க வேண்டிய இடம் அது.

*

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். "படிக்கத்தானே போயிருக்கா, இதுக்கா அழுவாங்க" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

*

புறநானூற்றில் காவற்பெண்டு பாடிய ஒரு பாட்டு உண்டு, 86ஆவது. வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு ஒருத்தி வந்து "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறாள். தாய் சொல்கிறாள்: அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது; புலி தங்கிப் போன கற்குகை போல, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது. அவள் குரலில் புலம்பல் இல்லை. வெறுமையைச் சொல்லும்போதே பெருமையும் சேர்ந்து வருகிறது. அவளுக்கு மகன் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. தங்கச்சி, உனக்கு உன் மகளின் விடுதி அறை எண் வரைக்கும் தெரியும்.

*

கை பழகிய அளவுக்கே அரிசி களைந்து, சோறு மிஞ்சிப் போகும். அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். தண்ணீர் ஊற்றி வை, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு இரண்டு பேரும் சாப்பிடுங்கள். அவளுக்குக் கசக்கும் என்று நீ வைக்காமலே விட்ட பாகற்காய்க் குழம்பை இனி வை. மாப்பிள்ளைக்கு அது உயிர். கல்யாணமான புதிதில் நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

*

அவள் போனை எடுக்கவில்லை என்றால், வகுப்பில் இருக்கிறாள். இல்லையென்றால் மெஸ் வரிசையில் நிற்கிறாள், தோழிகளோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இதையெல்லாம் நினையுங்கள். மற்றது எதுவும் முதலில் வர வேண்டாம்.

*

"நீ இல்லாம வீடே வீடா இல்லடி" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. தோன்றும், தெரியும். என்னிடம் சொல், அண்ணியிடம் சொல், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல். அவளிடம் சொன்னால் அந்தப் பிள்ளை படிப்பையும் சுமந்து உங்கள் தனிமையையும் சுமக்க வேண்டியிருக்கும். அவள் கூப்பிடும்போது சொல்வதற்கு உங்களிடம் உங்கள் சேதி ஏதாவது இருக்கட்டும்: இன்றைக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தோம், அப்பா வழியில் பழைய சிநேகிதரைப் பார்த்தார், மாடியில் வைத்த அவரை பூத்திருக்கிறது. அம்மாவும் அப்பாவும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வெளியூரில் பிள்ளைக்குத் தூக்கம் வரும்.

*

மாப்பிள்ளை, இது உங்களுக்கு. சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற நினைப்பில் வண்டிச் சாவியை எடுத்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டுகிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். மாட்டாதீர்கள். தங்கச்சியைப் பின்னால் உட்காரவைத்துத் தாராசுரம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில், எங்கிருந்தெல்லாமோ வந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் இருந்துகொண்டே நீங்கள் இரண்டு பேர் மட்டுமாகப் போய் எத்தனை காலம் ஆகிறது? ஊருக்கு வந்த விருந்தாளியைக் கூட்டிப்போய்க் காட்டியதெல்லாம் கணக்கில் வராது.

*

இத்தனை வருஷம் நீங்கள் இருவரும் பேசியதில் பாதி ஃபீஸ், டியூஷன், பஸ் பாஸ். அந்தப் பேச்சு தீர்ந்ததும் சாப்பாட்டு நேரத்தில் பேச எதுவுமே இல்லாதது போலத் தோன்றும். பயப்படாதீர்கள், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. டிவியைப் போட்டு அந்த இடத்தை அடைத்துவிடாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். பேச்சு தானாக வரும்.

*

மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்தக் கரும்பலகை இன்னும் கூடத்துச் சுவரில்தானே இருக்கிறது? உங்கள் தெருவிலேயே பின்னம் புரியாமல் தவிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல், இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புப் பக்கமே போய்ப் பாடம் சொன்னார்கள். பாய் விரிக்க இடமும் சொல்லிக் கொடுக்கப் பொறுமையும் இருந்தால் போதும். இரண்டுமே உங்களிடம் இருக்கின்றன, மாப்பிள்ளை. ஒரு பிள்ளையோடு தொடங்குங்கள்.

*

தங்கச்சி, நீ பன்னிரண்டாம் வகுப்போடு நின்றதற்கு அப்பாவின் உடம்புதான் காரணம், உன் மார்க் இல்லை. தமிழ் படிக்க வேண்டும் என்று நீ அழுதது எனக்கு நினைவிருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இருக்கிறது. வீட்டிலிருந்தே பி.ஏ. தமிழ் படிக்கலாம். வயசாகிவிட்டது என்று சொல்லாதே. அவள் மேசை, அவள் விளக்கு, அவள் நாற்காலி எல்லாம் சும்மாதான் இருக்கின்றன. உட்கார்ந்து படி. அம்மாவுக்கும் பரீட்சை என்று தெரிந்தால் அவளே உனக்குக் குறிப்பு எடுத்து அனுப்புவாள், பார்.

*

எதையும் உடனே தொடங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முதல் மாதம் மதியத்தில் தூக்கம் தூக்கமாக வந்தால் தூங்குங்கள். இருபது வருஷத்துக் களைப்பு அது.

*

தீபாவளிக்கு அவள் வர வேண்டிய டிக்கெட்டை அவளே போடட்டும். ரயிலில் 60 நாளுக்கு முன்னாலிருந்து முன்பதிவு, காலை 8 மணிக்குத் திறக்கும் என்று ஒருமுறை சொல்லி வையுங்கள், அதோடு விடுங்கள். ஜன் சதாப்தியில் இடம் கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது, வந்துவிடுவாள். பெரியவனிடமும் லீவுக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். நானும் அண்ணியும் முதல் நாளே வந்துவிடுகிறோம். அதிரசத்துக்கு மாவு மட்டும் முன்கூட்டியே பிசைந்து வை தங்கச்சி, சுடுகிற வேலையை அண்ணி பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
அண்ணன்