மொட்டை மாடியில் அனுமதியின்றிக் கட்டப்படும் அறை குறித்த புகார்

நாள்: 18.09.2025

அனுப்புநர்:
ச. மீனாட்சி,
வீடு 4ஏ, மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
செயலாளர், அடுக்கக உரிமையாளர்கள் சங்கம்.

ஐயா, வணக்கம்.

4பி வீட்டு உரிமையாளர் பொது மொட்டை மாடியில், லிஃப்ட் அறைச் சுவரையொட்டி 12 அடிக்கு 10 அடியில் அறை கட்டி வருகிறார். 4 அங்குல சாலிட் பிளாக்கில் மூன்று பக்கமும் 8 அடிக்குச் சுவர் எழுந்துவிட்டது. ஜி.ஐ. பைப் நிறுத்தி, கூரைக்கு ஷீட்டும் வந்து இறங்கியிருக்கிறது. கேட்டால், முன்பிருந்த செயலாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்கிறார். நம் கிரயப் பத்திரங்களில் மொட்டை மாடி எட்டு வீட்டுக்கும் பொது என்றே இருக்கிறது. அதை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுக்கச் செயலாளருக்கோ கமிட்டிக்கோ அதிகாரம் கிடையாது.

எனக்குப் பெரிய கவலை தண்ணீர்தான். வடமேற்கு மூலையில் இருக்கும் மழைநீர்க் குழாயின் வாய் இப்போது அறைக்குள் மாட்டிக்கொண்டது. சிமெண்ட் பால் இறங்கி அதன் ஜாலி பாதி அடைத்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குத்தான் தளம் வாட்டம் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே மழைநீர் சுவரோரம் தேங்கும். பைப் கால்களுக்குத் தட்டோட்டையும் சுருக்கியையும் துளைத்து கான்கிரீட் வரை போல்ட் இறக்கியிருக்கிறார்கள். தேங்கும் நீர் அந்தத் துளைகள் வழியே கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடித்து உப்பினால் என் வீட்டுக் கூரை பெயர்ந்து விழும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.

பாரமும் சாதாரணமில்லை. இந்தச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 500 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கிழக்குச் சுவருக்கு அடியில் பீமே இல்லை. அது என் கூடத்தின் நடுவில், வெறும் ஸ்லாபின் மேல் நிற்கிறது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் வழியும் 2 அடியாகச் சுருங்கிவிட்டது.

கமிட்டி செய்ய வேண்டியவை: வேலையை இன்றே நிறுத்தச் சொல்லி எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுங்கள். லிஃப்ட் அறையிலிருந்து, அதாவது பொது மீட்டரிலிருந்து, இழுத்திருக்கும் ஒயரைத் துண்டியுங்கள். சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி அனுமதி இருந்தால் 7 நாளுக்குள் காட்டட்டும். இல்லையென்றால் அவர் செலவிலேயே அகற்ற வேண்டும். பிளாக்கை மேலிருந்து வரிசை வரிசையாகக் கையால்தான் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் ஸ்லாப் விரிசல் விடும். போல்ட் துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, தட்டோடு மாற்றி, பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கமிட்டி ஏற்க வேண்டும்.

7 நாளில் நடவடிக்கை இல்லையென்றால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்கீழ் நடவடிக்கை கோரி சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் நேரடியாக மனு கொடுப்பேன். இந்தக் கடிதம் கிடைத்ததற்கு நகலில் கையொப்பமிட்டுத் தரவும்.

இப்படிக்கு,
ச. மீனாட்சி

இணைப்பு: புகைப்படங்கள் 6, அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல், கிரயப் பத்திரத்தின் தொடர்புடைய பக்கங்கள்.
நகல்: சங்கத் தலைவர், பொருளாளர், 4பி வீட்டு உரிமையாளர்.