9900

செல்வம் கடை திறந்து டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் முத்தையா தலையில் மாட்டியிருந்த ஹெட்லைட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரிதான் வருகிறது, வரப்பில் நடந்து மோட்டார் ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் லைட் மங்கிவிடுகிறதாம்.

"பல்பு போயிருக்கு மாப்ளே, பாரு. பேட்டரி செல்லு புதுசு. சந்தையில எழுபது ரூபா, 9900 எம்ஏஎச்! எங்க மச்சான் உன்கிட்ட இருநூறு கொடுத்து 2600 வாங்கிட்டுப் போயிருக்கான், கிறுக்கன். நேத்து பூரா அவனைக் கேலி பண்ணிட்டிருந்தேன்."

செல்வம் பதில் சொல்லவில்லை. மோட்டார் காயில் கம்பி நிறுக்கும் தராசில் அந்தச் செல்லை வைத்தான். 26 கிராம். ஷோகேஸிலிருந்து ஒரு 2600 செல்லை எடுத்து வைத்தான். 46.

"ரெண்டும் ஒரே சைஸ் மாமா. குறுக்க 18 மில்லிமீட்டர், நீளம் 65, அதான் 18650ன்னு பேரு. ஒரே அளவு சாக்கு ரெண்டு வச்சிருக்கீங்க, ஒண்ணு பாதிக் கனம்தான் தூக்குது, ஆனா அதுலதான் நாலு மடங்கு நெல்லுன்னா எப்படி?"

"லேசா செஞ்சிருப்பான்யா. போனெல்லாம் லேசா வரலையா?"

"நல்ல கம்பெனிக்காரன் செல்லே கடையில 3500 பக்கத்துலதான் நிக்குது. இது மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

முத்தையா முகம் இறங்கவில்லை. இவன் தன் சரக்கை விற்கப் பார்க்கிறான் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும், வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"சரி, சார்ஜ் போட்டுத்தானே கொண்டாந்தீங்க?" மீட்டரை வைத்துப் பார்த்தான், 4.18 வோல்ட், நிறைந்துதான் இருந்தது. ஒரு ஆம்பியர் இழுக்கிற லோடில் மாட்டினான். "மணிக்கு ஆயிரம் எம்ஏஎச் தின்னும் இது. 9900ன்னா சாயங்காலம் வரைக்கும் ஓடணும். அவ்வளவு நேரம் வேணாம், ஒரு மணி நேரம் ஓடிட்டா காசு நான் தர்றேன்."

முத்தையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் ஒரு மிக்ஸிக்குக் கார்பன் மாற்றினான், இரண்டு பேருக்கு ரீசார்ஜ் போட்டான். முப்பத்தெட்டாவது நிமிஷம் மீட்டர் 3 வோல்ட்டுக்கு வந்து, லோடு தானாக நின்றது.

"630 எம்ஏஎச் மாமா. எண்ணுல ஒரு 9ஐ அழிச்சாலும் தேறாது."

"உள்ள என்னதான் வச்சிருக்கான்? அறுத்துப் பாரேன்."

"லித்தியம், தீப்பிடிச்சுக்கும். சில செல்லுல சின்னச் செல்லை வச்சுச் சுத்தி மாவோ மண்ணோ அடைச்சிருப்பானுங்க."

முத்தையா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து இருநூறை எண்ணி வைத்தார். செல்வம் புதுச் செல்லை ஹெட்லைட்டில் போட்டு மூடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த 9900 தோலை உரிச்சு இதுமேல மாட்டிக் கொடுத்துடு மாப்ளே. சாயங்காலம் மச்சான் தோட்டத்துப் பக்கம் வருவான்."