பவுனு எனக்கு ஏன் ஒட்டவில்லை: வாசகர் வட்டத்துக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை
வெள்ளிக்கிழமை

வட்டத்தில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. போகவில்லை என்றால் அந்தக் குழந்தைக்குக் காது குத்தும் வரைக்கும் எனக்குப் பேச்சு விழும். அதனால் கூட்டத்தில் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். மல்லிகா அக்கா, நீங்களே படித்துக் காட்டுங்கள். சேகர் சார் கையில் கொடுத்தால் வரிக்கு வரி பதில் சொல்லிக்கொண்டே படிப்பார்.

பவுனுவின் கதையைச் சொல்லும் இந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டுச் சொல்லவில்லை, கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன கூட்டத்தில் இதைத் தேர்ந்தெடுத்தபோது, "நம்ம ஏரியா கதை, கட்டாயம் படிக்கணும்" என்று எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான் தூக்கினேன். ராயபுரம், காசிமேடு, பெரம்பூர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் அங்கே இருப்பவர்கள் எதைச் செய்து சோறு தின்கிறார்கள் என்று இந்த எழுத்தாளர் ஒரு இடத்திலாவது நின்று பார்த்தாரா? என் மனக்குறையே அதுதான்.

பவுனு காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவள். அவள்தான் கதாநாயகி. இத்தனை தடிமனான புத்தகத்தில் அவள் ஒரு முறைகூட மீன் வாங்கவில்லை! கூடையோடு போகிறாள், கூடையோடு வருகிறாள். நடுவில் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். எங்கள் பெரியம்மா இதே தொழில் செய்தவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அவரோடு விடிவதற்கு முன்பே கிளம்பிப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே பெருமூச்சு விட யாருக்கும் நேரம் கிடையாது. பெரியம்மா கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் விரலை உதறிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார், ஏலம் விடுபவரின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். பெரிய குவியலாக இருந்தால் நான்கைந்து பெண்கள் சேர்ந்து எடுத்து, அங்கேயே தரையில் பங்கு பிரிப்பார்கள். சங்கரா இவ்வளவு, காரப்பொடி இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு. காகிதமும் இல்லை பேனாவும் இல்லை, எல்லாம் வாயாலேயே. அந்தப் பங்கு பிரிப்பில் நடக்கும் சண்டையையும், சண்டை முடிந்ததும் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதையும் எழுதியிருந்தால் எனக்குப் பவுனு யார் என்று தெரிந்திருக்கும். இப்போது அவள் கஷ்டப்படுகிறாள் என்பது மட்டும்தான் தெரிகிறது.

அப்புறம் அந்தப் புயல். 2019 மே மாதம் பவுனுவின் புருஷன் விசைப்படகில் போய்த் திரும்பி வரவில்லை என்று கதை. நம்மில் பாதிப் பேர் அந்த அத்தியாயத்தில்தான் அழுதோம் என்கிறோம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாள் இருந்ததை 2017இல் 61 நாள் ஆக்கினார்கள். எழுத்தாளர் தேதியைத் தவறவிட்டார் என்பதற்காக நான் கோபப்படவில்லை. ஃபைபர் படகு என்று மாற்றிவிட்டால் சட்டப்படி சரியாகிவிடும். அந்த 61 நாள் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்றே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மீனவர் வீட்டுக் கதையே அங்கேதானே இருக்கிறது? படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்க வேண்டும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும், வலையைச் சரி பார்க்க வேண்டும். எல்லாம் செலவு, வரவு கிடையாது. அந்த வருஷங்களில் அரசு கொடுத்த நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் வேறு திறந்துவிடும். புயலே இல்லாமல் ஒரு குடும்பம் தள்ளாடுவதை எழுதியிருக்கலாம். அவருக்கு ஒரு சாவு தேவைப்பட்டது, மே மாதத்தில் கொன்றுவிட்டார்.

தாத்தா பகுதியும் இதே கதைதான். அவர் முப்பது வருஷம் பின்னி மில்லில் வேலை பார்த்தவராம். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூர்ப் பக்கம் வந்து பேசியிருக்கிறார்கள். 1921 வேலைநிறுத்தமும் அது கலவரமாக மாறியதும் பழைய ஆட்கள் வீடுகளில் இன்றைக்கும் பேச்சில் வரும். அந்த மில்லிலேயே முப்பது வருஷம் இருந்த மனுஷன் வாயில் சங்கம் என்ற சொல்லே வரவில்லை. 1996இல் மில் மூடுவது அரைப் பக்கம். அடுத்த பக்கத்தில் தாத்தா குடிக்கிறார். ஏன் குடிக்கிறார் என்று கேட்டால், வடசென்னைத் தாத்தா என்றால் குடிப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்று, பேச்சு. ஒரே சந்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ரவுடி சில்லு "இன்னாமே" என்கிறான். கடன்காரன் "கய்தே" என்கிறான். பவுனு மட்டும் "என்னைப் புரிந்துகொள்ளுங்கள்" என்கிறாள்! அவளுக்கு உதவும் வாத்தியார் மேடைப் பேச்சே பேசுகிறார். கெட்டவனுக்கு நம் பாஷை, நல்லவளுக்குப் புத்தக பாஷை. இரண்டாம் முறை புரட்டியபோது பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில்கூட இது மாறவில்லை. நம்மை மாதிரிப் பேசினால் இரக்கப்பட முடியாது என்று நினைத்துவிட்டார் போல.

மல்லிகா அக்கா, நீங்கள் அழுதீர்கள் என்று சொன்னதை நான் குறைத்துப் பேசவில்லை. அழ வைக்க அவருக்குத் தெரிகிறது. தண்ணீர் லாரி வரும் அந்த இரண்டு பக்கத்தைப் படித்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரிசையில் பிளாஸ்டிக் குடத்துக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகிறாள் ஒரு பாட்டி. அந்தச் செங்கல்லுக்கு முன்னாடி நுழையப் பார்த்தவளை வரிசையே சேர்ந்து விரட்டுகிறது. அது அச்சு அசல் எங்கள் தெரு. இதை எழுதத் தெரிந்த ஆள்தான் மிச்ச இடத்தில் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. வெறும் மோசமான புத்தகமாக இருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்கவே மாட்டேன்.

சேகர் சார், "நாவல் என்ன தொழில் கையேடா?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கையேடு வேண்டாம் சார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பதினாலாவது அத்தியாயத்தில் மகனின் ஃபீஸுக்கு 40,000 ரூபாய் இல்லாமல் பவுனு சுவரில் சாய்ந்து அழுகிறாள். பதினைந்தாவதில் பையன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். பணம் எங்கிருந்து வந்தது? தண்டலுக்கு வாங்கினாளா? அப்படியென்றால் 10,000 என்று பேசினால் கைக்கு 8,500 வரும், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதுபோல ஐந்து கணக்கை ஒருத்தி ஒரே நேரத்தில் சமாளித்தால் அவள் காலை எழுந்ததிலிருந்து அதுதான் ஓடும் மண்டையில். தாலியை வைத்தாளா, சீட்டைத் தள்ளி எடுத்தாளா? கூடப் பங்கு பிரிக்கும் பெண்கள் கொடுத்தார்களா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சரிதான். இந்தக் கேள்விக்கு மட்டும் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று திங்கட்கிழமை எனக்குத் தெரிய வேண்டும்.

புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் உள்ள பென்சில் கோடுகள் என்னுடையவை, முன் அட்டையில் உள்ள டீக்கறை எனக்கு முன்னால் படித்தவருடையது.

அன்புடன்,
ஜெயந்தி