மனுவை நிராகரித்ததற்கு எழுத்துமூலக் காரணமும் விசாரணைத் தேதியும் கேட்டல்

பெறுநர்: உதவித்தொகை வழங்கும் அலுவலர், வேலூர்.

ஐயா,

குடியாத்தத்தில் பீடி சுற்றி வந்த என் கணவர் இறந்ததற்கான உதவித்தொகை மனுவை 'நிராகரிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பியுள்ளீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அவருடைய அடையாள அட்டை எல்லாம் இணைத்திருந்தேன். குறை எதில் என்று தெரியாமல் நான் எதைச் சரிசெய்வது? அப்புறம், மேல்முறையீட்டில்தான் என்ன எழுதுவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)-இன்படி, முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தருவது அலுவலகத்தின் கடமை. எந்த விதியின் கீழ், எதற்காக நிராகரித்தீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள்.

உத்தரவுக்கு முன் என்னை அழைத்துக் கேட்கவே இல்லை. நேரில் விளக்க ஒரு தேதி குறியுங்கள். கூலி வேலைக்குப் போகிறவள் நான். ஒரு வாரம் முன்பே தபாலில் தெரிவித்தால் லீவு சொல்லிவிட்டு அசல் ஆவணங்களோடு வருவேன்.

இப்படிக்கு,
மனுதாரர், குடியாத்தம்.