வாரம் ஒரு மணி நேரம் தன்னிச்சை விளையாட்டு: தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம்

அனுப்புநர்:
வகுப்பாசிரியை,
நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பெறுநர்:
தலைமையாசிரியர் அவர்கள்

பொருள்: நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வெள்ளிதோறும் ஒரு மணி நேரம் தன்னிச்சை விளையாட்டு – அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். போன மாதம் ஒருநாள் கூட்டம் முடிந்து நான் வகுப்புக்குப் போக இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. ஒரே கூச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கூச்சல் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. புதுப் புத்தகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒரு கப்பல் கட்டியிருந்தார்கள். யார் மாலுமி என்பதில் சண்டை. ஒருத்தி கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். சற்று நேரத்தில் ஒரு பையன் போய், “பத்து எண்ணும்வரைக்கும் நீ, அப்புறம் நான்” என்றான். அவள் எழுந்து வந்தாள். அவன் கணக்கில் எப்போதும் பின்தங்குபவன். நேரத்தைப் பங்குபோட அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து யோசித்து எழுதுவதுதான் இந்தக் கடிதம்.

“அதற்குத்தான் பி.டி. பீரியட் இருக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். அது தேவை, அதை நான் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே விசில் ஆசிரியர் கையில். என்ன ஆட்டம், எத்தனை பேர், யார் அவுட் எல்லாம் அவரே சொல்லிவிடுகிறார். தன்னிச்சை விளையாட்டில் இதையெல்லாம் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். படிப்பு நடப்பது அந்த முடிவெடுப்பில்தான் என்பது என் எண்ணம்.

“பட்டுச்சு”, “படல” என்று தொடங்கும் ஒரு வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்வோம். சாட்சி தேட வேண்டும், தன் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டும், எதிராளி சொல்வதையும் கேட்க வேண்டும். ரொம்ப முரண்டு பிடித்தால் மற்றவர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆட்டம் தொடர வேண்டும் என்ற ஆசைக்காகவே குழந்தை தன் கோபத்தை விழுங்கப் பழகுகிறது. நாம் எத்தனை அறிவுரை சொன்னாலும் இந்த அளவுக்கு வேலை செய்வதில்லை.

கோலி ஆடும் சிறுவர்களைக் கவனித்து குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜே 1932இல் எழுதியதும் இதையொட்டியதே. சின்னப் பிள்ளைகள் ஆட்ட விதியைப் பெரியவர்கள் வகுத்த, மாற்றவே கூடாத ஒன்றாக நினைக்கிறார்கள். வளர வளரத்தான், எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்பது பிடிபடுகிறது. நம் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய அந்தத் திருப்பத்தில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் இந்த இரண்டு வகுப்புகளிலிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

மொழியும் கணக்கும்கூட இதில் தானாகவே வந்துவிடும். கப்பல் சாய்ந்தால் கனமான பெட்டி கீழே போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. கடை வைத்து விளையாடினால் சில்லறை எண்ண வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை கடைக்காரராக மாறியதும் பேரம் பேசுவதை நீங்களே பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடிலிருந்து அரை அரை மணி எடுத்தால் போதும். அந்த நேரத்தில் நான் நடத்தும் பாடம் எவ்வளவு மண்டையில் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும்! இரு வகுப்பிலும் சேர்த்து 64 பிள்ளைகள். மைதானத்தில் மூன்று ஆசிரியர்கள் நிற்போம். முதலுதவிப் பெட்டி அருகில் இருக்கும். செலவு அநேகமாக இல்லை. அட்டைப்பெட்டி, கயிறு, பழைய துணி, சாக்பீஸ், மணல் போதும். ஒரே வேலைக்கு மட்டும் பயன்படும் பொம்மைகளைவிட, எப்படியும் மாற்றிக்கொள்ளக்கூடிய இப்படிப்பட்ட பொருள்களே அதிகம் யோசிக்க வைக்கும்.

அடிபடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. முட்டி சிராய்ப்பது நடக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்புவோம். உடைந்தது, கூர்மையானது எதுவும் இல்லாதபடி ஒவ்வொரு வாரமும் இடத்தைப் பார்த்துவிடுவோம். அடிதடியானாலோ, யாரையாவது தொடர்ந்து சீண்டினாலோ உடனே தலையிடுவோம். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வேலை. ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது வேறொன்று: யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை. அதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் விளையாடும்போது கவனித்தால்தான் அந்தப் பிள்ளை யார் என்றே நமக்குத் தெரியவரும். தனியே மணலில் கோடு போட விரும்பும் பிள்ளையையும் ஒதுக்கப்பட்ட பிள்ளையையும் வரிசையில் உட்கார வைத்துப் பிரித்தறிய முடியாது.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. பெற்றோர் யாராவது கேட்டால் சொல்ல இது உதவும்.

முதலில் ஆறு வாரம் நடத்திப் பார்க்க அனுமதி கேட்கிறேன். வாரந்தோறும் நான் கவனித்ததை ஒரு பக்கம் எழுதித் தருகிறேன், சரிவராததையும் எழுதுவேன். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். புதன்கிழமை மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இருவரும் நேரில் வருகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை நீங்களும் மைதானத்துக்கு வந்து நிற்க வேண்டும், அம்மா.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஆசிரியை