பகிர்வு ஃபோல்டர்கள் ஒப்படைப்பு: புதிய மேலாளருக்குக் கடிதம்

மன்னார்குடி
26.05.2025

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை, 31-ஆம் தேதியோடு நான் பணியிலிருந்து விடைபெறுகிறேன். சாவி, ரொக்கப் புத்தகம், உர இருப்பு எல்லாவற்றையும் பொருளாளர் முன்னிலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது கூகுள் டிரைவில் உள்ள ஃபோல்டர்கள்தான். நம் உறுப்பினர்களின் பட்டா, பாஸ்புக், காப்பீட்டு ரசீது எல்லாம் அதில் இருப்பதால், பேச்சோடு விடாமல் விவரமாக எழுதுகிறேன்.

இத்தனை நாளும் ஃபோல்டர்கள் என் ஜிமெயில் பெயரில் இருந்தன. உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அவற்றை மாற்றவில்லை. அலுவலக ஜிமெயிலுக்கு மாற்றியிருக்கிறேன். நாளைக்கு உங்களுக்குப் பிறகு வேறொருவர் வந்தாலும் மறுபடி இப்படி ஒரு மாற்றம் தேவைப்படக் கூடாது. உறுப்பினர்களின் காகிதங்கள் நிறுவனத்தின் பெயரில் இருப்பதுதான் முறை.

ஆனால் நான் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்குள் உரிமை மாற வேண்டுமென்றால் பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை நான்தான் உரிமையாளர். அலுவலகக் கணக்கில் நுழைந்து, டிரைவின் தேடல் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
pendingowner:me
```

காத்திருக்கும் கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபோல்டரை மட்டும் ஏற்றால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபோல்டரின் உரிமை மாறினாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை தானாக மாறாது. அதனால்தான் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அழைப்பு அனுப்பியிருக்கிறேன். உரிமை மாறியதும் இவற்றின் அளவு அலுவலகக் கணக்கின் இலவச 15 ஜிபியில்தான் கழியும். தேவையான இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

கிராம ஒருங்கிணைப்பாளர்கள் தாங்களாகவே உருவாக்கிய ஷீட்டுகள் நம் ஃபோல்டருக்குள் இருந்தாலும் அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. அவற்றை நான் மாற்ற முடியாது. வடுவூர்க்காரரும் கோட்டூர்க்காரரும் அனுப்பிவிட்டார்கள். மற்ற இருவரையும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது ஃபோனோடு உட்காரவைத்து அனுப்பச் சொல்லுங்கள். வேலையை விட்டுப்போன ஒருங்கிணைப்பாளரின் ஷீட்டுகளுக்கு அலுவலகக் கணக்கிலிருந்தே நகல் எடுத்தாகிவிட்டது. நகல் எடுத்தவருக்கே அது சொந்தம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஃபோல்டர்களின் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஏப்ரல்-மார்ச் கணக்கில் வைக்காமல் பசலி ஆண்டில் வைத்திருக்கிறேன். வி.ஏ.ஓ. தரும் அடங்கல் பசலிப்படிதான் வரும், காப்பீட்டுக்கு நாம் தேடுவதும் அடங்கலைத்தான். இப்போது ஓடுவது பசலி 1434. ஜூலை 1 அன்று 1435 பிறக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நாற்றங்கால் செலவு பழைய பசலியில் விழும். ஆனால் அறுவடை புதிய பசலியில்தானே? அதனால் குறுவையை மட்டும் ஜூன் ரசீது உட்பட புதிய பசலி ஃபோல்டரில் போடுவது நம் அலுவலக வழக்கம். ஆடிட்டர் நிதியாண்டுப்படி கேட்பார். அவருக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது, பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

உறுப்பினர் பட்டியலில் புல எண் கட்டத்தை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். 12/3 என்று தட்டினால் ஷீட் அதைத் தேதியாக நினைத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, காப்பீட்டுப் பதிவுக்கு எடுக்கும்போதுதான் அடங்கலோடு பொருந்தாமல் நிற்கும். அந்தக் கட்டம் முழுவதையும் வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது அந்த வடிவம் போய்விடும். Ctrl+Shift+V போட்டு மதிப்பை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். சம்பா பதிவு நேரத்தில் அவசரத்தில் நாலு பேர் தட்டுவார்கள், அப்போதுதான் இது நடக்கும். புல எண் தப்பினால் இழப்பீடு வருவது சிக்கலாகி, அந்த விவசாயி அலைய வேண்டியிருக்கும்.

அறுவடை மெஷின் முன்பதிவு ஃபார்மில் ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. யாராவது பதிவு செய்ததும் மெஷின் பொறுப்பாளருக்கு மெயில் போகிறதே, அது ஸ்கிரிப்ட்டின் டிரிகர் மூலம் நடக்கிறது. டிரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கிலேயே ஓடும். கோப்பின் உரிமை மாறினாலும் அது கூடவே வராது. வியாழக்கிழமை என் டிரிகரை நீக்குகிறேன். அன்றைக்கே அலுவலகக் கணக்கில் Apps Script-ஐத் திறந்து, Triggers பக்கத்தில் `sendBooking` என்ற ஃபங்ஷனுக்கு On form submit என்று புதிதாகப் போட்டு அனுமதி கொடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒரு பதிவுக்கு இரண்டு மெயில் போகும். போட்டதும் நாம் இருவரும் ஒரு சோதனைப் பதிவு செய்து பார்த்துவிடலாம்.

ஆதார், பாஸ்புக் நகல்கள் இருக்கும் ஃபோல்டரை வேண்டுமென்றே மற்ற ஃபோல்டர்களுக்கு வெளியே வைத்திருக்கிறேன். மேல் ஃபோல்டரைப் பகிர்ந்தால் அந்த அனுமதி உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கிவிடும். யார் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் இதில் Anyone with the link போட வேண்டாம். வங்கி கேட்டால் அந்த உறுப்பினரின் கோப்பை மட்டும், கேட்ட அதிகாரியின் அலுவலக மெயிலுக்கு மட்டும் பகிருங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நம்மை நம்பித்தான் அந்த மக்கள் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள்.

2018 என்ற ஃபோல்டரில் கஜா புயல் படங்கள் இருக்கின்றன. நிறைய இடம் பிடிக்கும். இடம் போதவில்லை என்றால் பழைய கூட்டப் படங்களை அழியுங்கள், இதை அழிக்காதீர்கள். சாய்ந்த தென்னையோடு அந்தந்தக் குடும்பம் நிற்கும் படங்கள் அவை. எதை அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அதற்குள் மீட்டால்தான் உண்டு.

உரிமை மாறிய பிறகும் எடிட்டராக என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். 31-ஆம் தேதி மாலை எல்லா ஃபோல்டரிலிருந்தும் என்னை நீக்கிவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், நானே கேட்டுக்கொள்வதுதான். அதற்கு முன் என் கணக்கில் `owner:me` என்று தேடி, நிறுவனக் கோப்பு ஒன்றும் மிச்சமில்லை என்பதை உங்கள் எதிரிலேயே காட்டிவிடுகிறேன்.

அலுவலகக் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, மேசை இழுப்பறையில் இருக்கும் அலுவலக சிம்முக்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் தேதியைத் தவறவிடாதீர்கள். ஃபோன் கிடைக்காத நேரத்துக்கு 10 பேக்கப் கோடுகள் உறையில் ஒட்டிப் பொருளாளர் பீரோவில் இருக்கின்றன. ஒரு கோடு ஒரு தடவைதான் செல்லும். பாஸ்வேர்டை இதில் எழுதவில்லை. புதன்கிழமை நீங்கள் வந்ததும், நான் பார்க்காமல் நீங்களே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜூன் முழுவதும் நான் திருவாரூரில்தான் இருப்பேன். பழைய ரசீது எங்கே என்று தெரியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
செல்வம்
மேலாளர்

நகல்: பொருளாளர்