பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை: எடுக்கும் அளவும் எச்சரிக்கையும்

சித்தி, பெட்டிக்குள் இருக்கும் பிரெஞ்சுத் தாளின் முக்கியமான பகுதி இது. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவர்களுக்கு மட்டும்.

ஒரு வேளைக்கு 1 அல்லது 2 மாத்திரை. தண்ணீருடன் விழுங்கவும். தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்த வேளை. வலி எவ்வளவு இருந்தாலும் 4 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கவே கூடாது. டாக்டர் சொல்லாமல் 24 மணி நேரத்தில் 6 மாத்திரையைத் (3 கிராம்) தாண்ட வேண்டாம்.

எச்சரிக்கை: அளவு கூடினால் கல்லீரல் கெட்டுவிடும். சளி, காய்ச்சலுக்கான வேறு மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெட்டியில் 'paracétamol' என்று இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவும். பலர் தவறுவது இங்கேதான்.

கடுமையான கல்லீரல் நோயோ இந்த மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் எடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், உடல் மெலிவு, நீர்ச்சத்துக் குறைவு இருந்தால் முதலில் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்கவும்.

காய்ச்சல் 3 நாளுக்கு மேலோ வலி 5 நாளுக்கு மேலோ நீடித்தால் டாக்டரைப் பார்க்கவும்.

தவறிப்போய் அதிகம் எடுத்துவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே பிரான்சின் அவசர உதவி எண்களான 15 அல்லது 112-ஐ அழைக்கவும்.